கேப்சூலா, டிடாக்ஸ் டீயா, சாப்பாட்டு மாற்றமா: உடல் கொழுப்பைக் குறைக்க எதில் பணம் போடலாம்?

எடை குறைக்க ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் வரும்போதே ஒரு டப்பாவையோ, போனில் ஒரு விளம்பரத்தையோ காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "மேடம், இந்தக் கேப்சூல் நல்லதா, இந்த டீ நல்லதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." உணவியல் ஆலோசகராக நான் அந்த இரண்டையும் தனியாக ஒப்பிடுவதில்லை. அதே பணத்தையும் அதே மூன்று மாதத்தையும் வேறு எதில் போடலாம் என்பதையும் பக்கத்தில் வைத்தால்தான் கணக்கு தெளியும்.

கணக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். 38 வயதுப் பெண், உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடி. வீட்டில் நான்கு பேர். மாதம் 2,000 ரூபாய் செலவழிக்கத் தயார். இந்த உடலுக்கு ஒரு நாளைக்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1,900 கலோரி. இந்த எண்ணை மனதில் வையுங்கள், கடைசிவரை இது வேண்டியிருக்கும்.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். "10 நாளில் 5 கிலோ குறையும்" என்பது பழகிப்போன வாக்கியம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 5 கிலோ என்றால் 38,500. பத்து நாளில் அது கரைய வேண்டுமானால் தினமும் 3,850 கலோரி பற்றாக்குறை வேண்டும். நம் ஆள் பத்து நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தாலும் பற்றாக்குறை 1,900-ஐத் தாண்டாது. அதாவது அந்த வாக்கியம் சொல்லும் அளவு கொழுப்பு கரைய உடலில் வழியே கிடையாது. தராசு முள் இறங்கலாம். இறங்கினால் அது பெரும்பாலும் தண்ணீர், குடலில் இருந்த கழிவு, கொஞ்சம் கிளைகோஜன். கிளைகோஜன் என்பது கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரம் யாருக்கும் ஒன்றிரண்டு கிலோ சட்டென்று இறங்குவது இதனால்தான். கேப்சூலோடு சேர்த்துச் சோற்றையும் குறைத்தவர், பெயரைக் கேப்சூலுக்குக் கொடுத்துவிடுகிறார்.

கேப்சூல்

ஃபேட் பர்னர் என்று விற்கும் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் பொருட்கள் பெரிதாக மாறுவதில்லை: காஃபின், க்ரீன் டீ சாறு, கார்சீனியா, எல்-கார்னிடின், குரோமியம், மிளகாய் அல்லது மிளகுச் சாறு. இவற்றில் உடலின் ஆற்றல் செலவை அளக்கக்கூடிய அளவுக்கு ஏற்றுவது முதன்மையாகக் காஃபின்தான். ஏற்றும் அளவும் தெரிந்ததே. 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், பகல் முழுக்க 100 மி.கி. வீதம் ஆறு முறை காஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியானவர்களுக்குக் கூடுதலாகச் செலவானது 150 கலோரி. முன்பு உடல் பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு வெறும் 79. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைத்திருக்கிறது. 79 கலோரி என்பது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை. அதற்காக 600 மி.கி. காஃபின் உள்ளே போக வேண்டும், ஆறேழு டம்ளர் ஃபில்டர் காபிக்குச் சமம். தினமும் காபி குடிக்கிற உடல் இதற்குப் பழகியும் போயிருக்கும். மிஞ்சுவது படபடப்பும், இரவில் வராத தூக்கமும்.

"கொழுப்பு எரிவது கூடுகிறது என்று ஆய்வு இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. விளம்பரம் நம்மை நழுவவிடும் இடமே அதுதான். உடல் எல்லா நாளும் கொழுப்பை எரிக்கிறது, எல்லா நாளும் சேமிக்கவும் செய்கிறது. இரவில் தூங்கும்போது எரிப்பது அதிகம், சாப்பிட்ட பின் சேமிப்பது அதிகம். ஒரு மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் மூச்சுக்காற்றை அளந்தால் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிவது தெரியலாம். ஆனால் உள்ளே போகும் ஆற்றலும் வெளியே போகும் ஆற்றலும் மாறாவிட்டால், அந்த இரண்டு மணி நேரத்தில் கூடுதலாக எரிந்ததை மிச்சமுள்ள இருபத்திரண்டு மணி நேரத்தில் உடல் திரும்பச் சேர்த்துவிடும். பார்க்க வேண்டியது, மூன்று மாதம் கழித்துச் சேமிப்பு குறைந்ததா என்பதை. அப்படிப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் காக்ரேன் அமைப்பு க்ரீன் டீ தயாரிப்புகளை மதிப்பிட்டபோது, கிடைத்த எடைக் குறைவு மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

கார்சீனியாவின் கதை நமக்குப் பக்கத்தில் இருப்பது. அது வேறொன்றுமில்லை, கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் மீன் குழம்பில் போடும் குடம்புளி. அதிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியைத் தடுக்கிறது. எலிகளில் இது நன்றாக வேலை செய்தது. மனிதனிடம் ஏன் செய்யவில்லை? நாம் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டில் மாவுச்சத்து நேராகக் கொழுப்பாக மாறுவது மிகக் கொஞ்சம். உடல் மாவுச்சத்தை முதலில் எரித்துத் தீர்க்கிறது. எண்ணெயிலும் நெய்யிலும் வந்த கொழுப்பு அப்படியே சேமிப்புக்குப் போகிறது. ஆள் அதிகம் நடக்காத வாசலை அடைத்தால் கூட்டம் குறையாது.

இதை நேராகச் சோதித்ததும் நடந்தது. 1998-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 135 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குடம்புளிச் சத்து, நாளுக்கு 1,500 மி.கி. மறு பிரிவுக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. இரு பிரிவுக்கும் ஒரே மாதிரியான, கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவுத் திட்டம். 12 வாரம் கழித்துக் குடம்புளிப் பிரிவு 3.2 கிலோ குறைந்திருந்தது. போலி மாத்திரைப் பிரிவு 4.1 கிலோ. இந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியல் மதிப்பு இல்லை, ஆகையால் குடம்புளி கெடுத்தது என்று சொல்ல முடியாது. உதவவில்லை என்று சொல்லலாம். நான் இந்த ஆய்வைத் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொரு காரணத்துக்காக. ஒன்றுமில்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கும் 4 கிலோ குறைந்தது. குறைத்தது சாப்பாடு. இன்றைக்கும் பல கேப்சூல் டப்பாக்களோடு ஒரு டயட் சார்ட் வருகிறது, "சரியான உணவு, உடற்பயிற்சியுடன் எடுத்துக்கொள்ளவும்" என்று சின்ன எழுத்தும் இருக்கிறது. டப்பாவில் வேலை செய்யும் பொருள் அந்தச் சீட்டுதான், அது இலவசமாகவே கிடைக்கும்.

பயனில்லை என்பதோடு நின்றால் கூடப் பரவாயில்லை, 2,000 ரூபாயோடு போகும். ஆனால் கேப்சூல்களில் ஆபத்தும் இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் செறிவூட்டிய க்ரீன் டீ சாறும், குடம்புளிச் சாறும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியது பதிவாகியிருக்கிறது. க்ரீன் டீயின் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மி.கி. அளவைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. டம்ளரில் போட்டுக் குடிக்கும் க்ரீன் டீக்கு இது பொருந்தாது, கேப்சூலில் அடைத்த சாறுக்குத்தான்.

அதைவிட எனக்குப் பயம் தருவது, லேபிளில் எழுதாத பொருள். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது, இந்தியாவிலும் தடையானது. ஆனால் "மூலிகை", "முழுக்க இயற்கை" என்று விற்கும் கேப்சூல்களுக்குள் அது ஒளிந்து வந்தபடியே இருக்கிறது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் கண்டுபிடித்த எடைக் குறைப்புத் தயாரிப்புகளில் நூற்றுக்கு 85 அளவில் சிபுட்ரமின் இருந்தது. ஒரு மூலிகைக் கேப்சூல் போட்ட இரண்டே நாளில் பசியே எடுக்கவில்லை, வாய் வறள்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், "நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படாதீர்கள். உள்ளே மருந்து இருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம்.

டிடாக்ஸ் டீ

டிடாக்ஸ் டீயில் பெரும்பாலும் இரண்டு வகைப் பொருள் இருக்கும். ஒன்று சிறுநீரைப் பெருக்குவது. இன்னொன்று பேதியாக்குவது, அதாவது சென்னா இலை. லேபிளில் லத்தீன் பெயரில் இருப்பதால் அடையாளம் தெரியாது. அது நம் நாட்டு மருந்துக்கடை நிலாவாரை. உலக வணிகத்தில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரே உண்டு, தின்னவேலி சென்னா. தென் மாவட்டத்துக் கரிசலில் விளைந்து ஏற்றுமதியாகும் இலை, வண்ணப் பொட்டலத்தில் பல மடங்கு விலையில் நம்மிடமே வருகிறது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுக்க அது நல்ல மருந்து. எடைக்கு ஏன் உதவாது என்பதற்கு, அது வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால் போதும்.

சாப்பாட்டின் சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலில். நிலாவாரையின் பொருள் அங்கே எதுவும் செய்யாமல் கடந்து, பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகள் அதை மாற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். இரவில் குடித்தால் காலையில் வயிறு போவது அதனால்தான். அதற்குள் இரவுச் சாப்பாட்டின் கலோரி ரத்தத்தில் ஏறி முடிந்திருக்கும். வெளியேறுவது தண்ணீரும் உப்பும். 1983-ல் இதை அளந்தே பார்த்தார்கள்: பேதி மருந்தை மிக அதிகமாக எடுத்து லிட்டர் கணக்கில் வயிறு போனபோதுகூட, சாப்பிட்ட கலோரியில் உறிஞ்சப்படாமல் போனது 12 சதவீதம் அளவுதான். டீயின் அளவில் அதுவும் இருக்காது.

"ஆனா வயிறு லேசா இருக்கு மேடம், புடவைகூடத் தளர்ந்துச்சு" என்பார்கள். உண்மைதான், குடல் காலியாகியிருக்கிறது. இரண்டு நாள் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் தண்ணீர் குடித்து, மூன்றாம் நாள் காலை எடை பாருங்கள். திரும்பி வந்த எடை எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர். மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குகிறது, கால் பிடித்து இழுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவருக்கு இது இதயத் துடிப்பையே குலைக்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கடுமையாக வயிறு போனால் அது முழுசாகச் சேராமல் போகலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நச்சு என்று எதைச் சொல்கிறார்கள் என்று எந்தப் பொட்டலத்திலும் பெயர் போட்டிருப்பதை நான் பார்த்ததில்லை. பெயரில்லாததை அளக்க முடியாது, வெளியேறியதா என்று சோதிக்கவும் முடியாது. அமெரிக்காவில் டீமி என்ற நிறுவனம் தன் டீ எடையைக் குறைக்கும், புற்றுநோயைக்கூட எதிர்க்கும் என்று இன்ஸ்டாகிராம் பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்தது. 2020-ல் அங்குள்ள வணிக ஆணையம் வழக்குப் போட்டு, ஆதாரமில்லை என்று நிறுத்தி, பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. விளம்பரத்தில் முகம் காட்டிய பிரபலங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. உடல் பருமனைக் குணமாக்கும் என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இந்தக் கேப்சூல்கள் மருந்து என்ற பெயரில் வராமல் உணவு வகையில் வருகின்றன. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண் இருக்கும், கூடவே மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வரியும் இருக்கும். உரிம எண்ணைப் பார்த்து "அரசே அங்கீகரித்தது" என்று நினைக்க வேண்டாம். எடை குறைகிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுத்த எண் அல்ல அது.

சாப்பாட்டு மாற்றமும் நடையும்

இப்போது நம் 72 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கலோரி பற்றாக்குறை எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். பட்டினி வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம்.

முதலில் எண்ணெய். நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், 340 கலோரி. அதை மூன்று லிட்டராக்கினால் சுமார் 135 கலோரி மிச்சம். ஒவ்வொரு தாளிப்பிலும் ஸ்பூன் எண்ணச் சொன்னால் யாருக்கும் முடிவதில்லை. மாத மளிகைப் பட்டியலில் பாக்கெட்டைக் குறைத்து எழுதுங்கள் என்றால் நடக்கிறது, ஏனென்றால் இருபதாம் தேதிக்கே பாக்கெட் தீர்ந்தால் அடுத்த மாதம் கை தானாகக் கட்டுப்படும். அடுத்தது சர்க்கரை: நாளுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. அரைத் தேக்கரண்டிக்கு வந்தால் 90 கலோரி குறையும். இரவுச் சோற்றில் 100 கிராம், அதாவது ஒரு சின்ன கரண்டி குறைத்தால் 130. அந்த இடத்தில் ஒரு முட்டையையோ கொஞ்சம் சுண்டலையோ வைத்தால் 75 கூடும். கூட்டிக் கழித்தால் 280. மிச்சம் 120-க்கு நாற்பது நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை.

400 கலோரி வீதம் 12 வாரத்தில் கணக்குப்படி 4.4 கிலோ. நடைமுறையில் கல்யாண வீடும் பண்டிகையும் குறுக்கே வரும், எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்கும், ஆகவே மூன்று கிலோ என்று எதிர்பார்ப்பது நேர்மை. கேட்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு, அதிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நன்றாகவே குறையும். எந்த டயட் என்று அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். 2018-ல் 609 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசமில்லை. உங்கள் வீட்டில் எது நீடிக்குமோ அதுதான் உங்களுக்கான டயட்.

முட்டையும் சுண்டலும் சேர்ப்பது பசிக்காக மட்டுமல்ல. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையும். அதைத் தடுக்கப் புரதம் வேண்டும், இந்த எடைக்கு நாளுக்கு 65, 70 கிராம். கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. பத்துப் பத்தாக மூன்று சுற்று, எளிதானதும் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையாது. எங்கிருந்து எடுப்பது என்பதை உடல்தான் முடிவு செய்கிறது.

செலவு? மாதம் முப்பது முட்டையும் இரண்டு கிலோ பயறும் அந்த 2,000-ல் கால் பங்குகூட ஆகாது. எண்ணெயில் வேறு மிச்சம்.

மருத்துவர் எழுதித்தரும் மருந்து

உண்மையாகவே எடையைக் குறைக்கும் மருந்துகள் இல்லாமல் இல்லை. பழையது ஆர்லிஸ்டாட். உணவிலுள்ள கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு சேராமல் தடுக்கும். நான்காண்டு ஆய்வில் மருந்து எடுத்தவர்கள் 5.8 கிலோ, எடுக்காதவர்கள் 3 கிலோ. எண்ணெயாக மலம் கசிவது தொல்லை. புதியது ஊசி மருந்து: செமாக்ளுடைட் 2021 ஆய்வில் 68 வாரத்தில் உடல் எடையில் 15 சதவீதத்தைக் குறைத்தது, போலி ஊசி 2.4 சதவீதம். டிர்ஜெபடைட் இன்னும் கூடுதல். இரண்டும் 2025-ல் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இவை பசியைக் குறைத்துச் சாப்பாட்டின் அளவைக் குறைக்கின்றன, அதாவது மூன்றாவது வழியையே எளிதாக்குகின்றன. நிறுத்தினால் ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. குமட்டல், வாந்தி சாதாரணம், பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் அரிதாக வரலாம், கர்ப்பத்தில் கூடாது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்களுக்கு இவை பரிந்துரைக்கப்படுகின்றன. நம் ஆளின் பிஎம்ஐ 28.8. சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் கேட்பதில் பொருளுண்டு. இல்லையென்றால் மூன்று மாதம் சாப்பாட்டு வழியைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். எடை திடீரென ஏறியிருந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ, எதற்கும் முன் தைராய்டும், சினைப்பைக் கோளாறான பிசிஓஎஸ்ஸும் பார்த்துவிட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தராசை மட்டும் நம்பாதீர்கள். டெய்லர் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பின், வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்து எழுதுங்கள். நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். எடை அப்படியே இருந்து இடுப்பு இறங்கினால் கொழுப்பு குறைகிறது. எடை மட்டும் இறங்கி ஒரு மாதமாக இடுப்பு அசையவில்லை என்றால், போவது தண்ணீரோ தசையோ. ஜிம்மில் காலால் மிதிக்கும் கொழுப்பு மீட்டர் உடலின் நீரைப் பொறுத்து ஏறி இறங்கும், டீ குடித்த மறுநாள் அதன் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஏற்கெனவே கேப்சூலோ டீயோ எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: இன்றே நிறுத்தலாம். பேதி டீயை மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குச் சில நாள் மலச்சிக்கலும் கால் வீக்கமும் வரும். தண்ணீர், கீரை, பழத்தோடு பெரும்பாலும் சரியாகிவிடும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, வலது பக்க மேல் வயிறு வலித்தாலோ, நெஞ்சு படபடத்துத் தலை சுற்றினாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது டப்பாவையும் மிச்ச மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். "வெறும் மூலிகைதானே" என்று மறைத்தால், காரணத்தைத் தேடியே மருத்துவருக்கு நாட்கள் போய்விடும்.